பெரியவர்களோடு காசி யாத்திரை: டிராவல்ஸில் கொட்டேஷன் கேட்பது எப்படி? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

"காசி பேக்கேஜ் எவ்வளவு?" என்று மூன்று டிராவல்ஸுக்கு வாட்ஸ்அப்பில் கேட்டேன். ஒருவர் தலைக்கு 18,000 என்கிறார், இன்னொருவர் 26,000, மூன்றாமவர் 34,000. யார் சொல்வது சரி?

மூவர் சொல்வதும் சரியாக இருக்கலாம். 18,000 சொன்னவர் சென்னையிலிருந்து ஸ்லீப்பர் ரயில், மூன்று பேருக்கு ஒரு அறை, பெரிய பஸ்ஸில் முப்பது நாற்பது பேரோடு போகும் குரூப் டூர் என்று வைத்துக் கணக்கிட்டிருப்பார். 34,000 சொன்னவர் விமானம், தனி வண்டி, இருவருக்கு ஓர் அறை என்று நினைத்திருப்பார். நடுவில் இருப்பவர் விமான டிக்கெட்டைச் சேர்க்காமலே சொல்லியிருக்கவும் கூடும். நீங்கள் கேட்டது ஒரே கேள்விதான், ஆனால் அதற்குள் எந்த விவரமும் இல்லாததால் மூவரும் தங்கள் கையில் தயாராக இருந்த ஒன்றை எடுத்து அனுப்பியிருக்கிறார்கள்.

டிராவல்ஸ் மேஜையில் உட்கார்ந்து தினமும் இந்த வேலையைப் பார்க்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன். விவரம் இல்லாமல் வரும் கேள்விக்குப் பழைய பி.டி.எஃப். ஒன்றுதான் பதிலாகப் போகும். விவரத்தோடு வருகிற கேள்விக்குத்தான் உட்கார்ந்து புதிதாகக் கணக்குப் போடுவோம். வீட்டில் எழுபது வயதைத் தாண்டியவர்கள் வருகிறார்கள் என்றால் அந்தப் பழைய பி.டி.எஃப். உங்களுக்கு ஆகவே ஆகாது.

முதல் செய்தியிலேயே என்னவெல்லாம் எழுத வேண்டும்?

ஒரு மாதிரி எழுதிக் காட்டுகிறேன். கும்பகோணத்திலிருந்து ஒன்பது பேர் கிளம்புகிற குடும்பம் என்று வைத்துக்கொள்வோம்.

"வணக்கம். நவம்பர் 10 முதல் 20-க்குள் ஏதாவது 6 நாள், 5 இரவு, காசி, பிரயாகை, கயா போக வேண்டும். கயாவில் பிண்டம் போட வேண்டும், அதற்குத் திதி கட்டாயம் இல்லை. மொத்தம் 9 பேர்: அப்பா 78, அம்மா 74, பெரியப்பா 68, பெரியம்மா 63, நாங்கள் இரண்டு ஜோடி (35 முதல் 42 வயது), 7 வயதுப் பையன் ஒருவன். 4 அறை. அப்பாவுக்கு மூட்டு மாற்று அறுவை நடந்திருக்கிறது, கைத்தடியோடு சமதரையில் 200 மீட்டர் நடப்பார், கைப்பிடி இருந்தால் பத்துப் படி ஏறுவார், தரையில் உட்கார முடியாது. அம்மாவுக்குச் சர்க்கரை, இன்சுலின் போடுகிறார். பெரியப்பாவுக்கு ஸ்டென்ட் வைத்து மூன்று வருடம் ஆகிறது. சென்னையிலிருந்து விமானம். சென்னை வரை நாங்களே வந்துவிடுவோம். விமானம் உட்பட மொத்த பட்ஜெட் 3 லட்சம், 10,000 வரை கூடலாம். சைவச் சாப்பாடு, இரவு எட்டு மணிக்குள் வேண்டும். எழுத்தில் கொட்டேஷன் அனுப்புங்கள்."

இதற்கு மேல் முதல் நாளில் வேண்டியதில்லை. ஆதார், பான், முன்பணம் எல்லாம் விலை ஒத்துப்போன பிறகு கொடுத்தால் போதும். விலை சொல்லும் முன்பே ஆதார் நகல் கேட்டால் கொடுக்காதீர்கள். கணக்குப் போட வயது போதும், ஆதார் எண் தேவையில்லை.

இந்தச் செய்தியை மூன்று இடங்களுக்கு அனுப்பும்போது ஓர் எழுத்தும் மாற்றாமல் அனுப்புங்கள். ஒருவரிடம் போனில் கூடுதலாக ஒன்று சொல்லி, மற்றவரிடம் சொல்லாமல் விட்டால் வருகிற விலைகளை ஒப்பிட முடியாது.

தேதி இன்னும் முடிவாகவில்லை. தோராயமாகச் சொன்னால் போதுமா?

தோராயம் போதும், ஆனால் எது நகரும், எது நகராது என்று பிரித்துச் சொல்லுங்கள். "நவம்பரில்" என்றால் எங்களுக்கு ஒன்றும் பிடிபடாது. "10 முதல் 20-க்குள் ஏதாவது ஆறு நாள்" என்றால் அந்த இடைவெளியில் விமானக் கட்டணம் குறைவான நாளைத் தேடிப் பிடிக்கலாம். ஒன்பது பேர் என்னும்போது, கிளம்புவதை ஒரு நாள் முன்பின் தள்ளினாலே மொத்தத்தில் இருபதாயிரம் வரை வித்தியாசம் வருவது உண்டு.

ஏஜென்ட் தேதி சொல்லும்போது நீங்களும் சிலதைக் கவனிக்க வேண்டும். மகாளயபட்சத்தில் கயாவில் நிற்க இடம் இருக்காது. பிண்டம் அந்தப் பதினைந்து நாளில்தான் போட வேண்டும் என்று வீட்டில் பிடிவாதம் இல்லாவிட்டால் பெரியவர்களை அப்போது கூட்டிப் போக வேண்டாம் என்பேன். கார்த்திகைப் பௌர்ணமியன்று காசியில் தேவ தீபாவளி. பார்க்க அவ்வளவு அழகு, ஆனால் அறை வாடகை பல மடங்கு ஏறும், படித்துறைப் பக்கம் வண்டி எதையும் விடமாட்டார்கள். தை, மாசியில் பிரயாகையில் மாக மேளா நடக்கும். சங்கமத்துக்கு வெகு தொலைவிலேயே வண்டியை நிறுத்திவிடுவார்கள்.

டிசம்பர் பாதியிலிருந்து ஜனவரி முடிய மூடுபனி. காசி விமானங்கள் பல மணி நேரம் தாமதமாகும், சிலது ரத்தாகும். சர்க்கரை நோயாளியை விமான நிலையத்தில் ஏழு மணி நேரம் உட்காரவைப்பது சின்ன விஷயமில்லை. மே, ஜூனில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும். ஆடி, ஆவணியில் கங்கையில் வெள்ளம் ஏறினால் படகையே நிறுத்திவிடுவார்கள், கரையில் பாதிப் படிகள் நீருக்குள் போய்விடும். எல்லாம் கழித்துப் பார்த்தால் பெரியவர்களுக்கு நவம்பரும் பிப்ரவரி பிற்பாதியும்தான் நல்ல காலம். அதிலும் சிவராத்திரியைத் தள்ளிவைத்துக்கொள்ளுங்கள்.

9 பேர் உறுதி. சித்தி குடும்பத்தில் இரண்டு பேர் வரலாம், வராமலும் போகலாம். 11 என்று சொல்லிவிடலாமா?

வேண்டாம். 9-க்கு ஒரு விலை, 11-க்கு ஒரு விலை என்று இரண்டாகக் கேளுங்கள். இந்த இரண்டு எண்ணுக்கும் நடுவில் விமான டிக்கெட்டின் முறையே மாறிவிடுகிறது. ஒரே பி.என்.ஆரில் 9 பேர் வரைதான் சாதாரணமாகப் போடலாம். 10 ஆனால் குரூப் கட்டணம் கேட்க வேண்டும், அது சில சமயம் குறைவாகவும் சில சமயம் அதிகமாகவும் வரும். வண்டியும் மாறலாம். பெட்டிகளோடு ஒன்பது பேருக்கு 12 சீட் டெம்போ டிராவலர் வசதி, பதினொரு பேர் என்றால் 17 சீட் வேண்டும்.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். விமானத்தில் குறைந்த கட்டணத்தில் 4 இடம்தான் மிச்சம் என்றால், 9 பேருக்குச் சேர்த்துத் தேடும்போது ஒன்பதுக்கும் அடுத்த படிக் கட்டணத்தையே திரை காட்டும். விவரம் தெரிந்த ஏஜென்ட் 4, 5 என்று பிரித்துப் போட்டு மிச்சம் பிடிப்பார். பிரிக்கட்டும், நல்லதுதான். ஆனால் பெரியவர் இருக்கும் பி.என்.ஆரில் அவரைக் கவனிக்கிற ஒருவரும் இருக்க வேண்டும் என்று முன்பே சொல்லிவிடுங்கள். விமானம் ரத்தாகி வேறு நேரத்துக்கு மாற்றும்போது ஒரு பி.என்.ஆரை ஓரிடத்திலும் இன்னொன்றை வேறிடத்திலும் போட்டுவிட வாய்ப்பு உண்டு. அம்மாவும் அப்பாவும் மட்டும் தனியே மறுநாள் விமானத்தில் வரும்படி ஆகக் கூடாது.

பையனின் வயதையும் மறக்காமல் எழுதுங்கள். இரண்டு வயது நிரம்பிய குழந்தைக்கு விமானத்தில் தனி சீட்டு, ஏறக்குறைய முழுக் கட்டணம். ஹோட்டலில் ஏழு வயதுக்குக் கூடுதல் படுக்கை வேண்டுமா, பெற்றோரோடு படுப்பானா என்பதைப் பொறுத்து வாடகை மாறும்.

பட்ஜெட்டைச் சொன்னால் அந்தத் தொகையையே விலையாகப் போட்டுவிட மாட்டார்களா?

சிலர் போடுவார்கள். அதற்காகச் சொல்லாமல் விட்டால் நஷ்டம் உங்களுக்குத்தான். பட்ஜெட் தெரியாதவர் அறையையும் வண்டியையும் குத்துமதிப்பாகத் தேர்ந்தெடுத்து ஒரு விலை சொல்வார். நீங்கள் அதிகம் என்பீர்கள். அவர் எதைக் குறைத்தார் என்று சொல்லாமலே குறைத்து வேறொரு விலை சொல்வார். பட்ஜெட்டைச் சொல்லி, கூடவே செலவைப் பிரித்துக் காட்டச் சொல்லுங்கள். பிரித்துக் காட்டிய கணக்கில் ஊதிப் பெருக்குவது கடினம்.

மேலே சொன்ன ஒன்பது பேருக்கு எப்படி வரும் என்று பார்ப்போம். விலைகளைக் கணக்குக் காட்டுவதற்காகத்தான் போடுகிறேன், டிக்கெட்டும் வாடகையும் நாளுக்கு நாள் மாறும். விமானம் போக வர தலைக்கு 15,000 என்றால் 1,35,000. நான்கு அறை, ஐந்து இரவு, ஒரு அறைக்கு 3,000 என்று 60,000. டெம்போ டிராவலர் ஆறு நாளைக்கு டீசல், டோல், பார்க்கிங், டிரைவர் பேட்டா எல்லாம் சேர்த்து 48,000. காலை டிபன் ஹோட்டல் வாடகையில் அடங்கும். மதியமும் இரவும் சேர்த்துத் தலைக்கு 500 வீதம் ஐந்து நாளைக்கு 22,500. படகு, இ-ரிக்‌ஷா, சக்கர நாற்காலி தள்ளுபவர் கூலிக்கு 8,000. இதுவரை 2,73,500. ஏஜென்டின் லாபம் 15,000 என்றால் 2,88,500. பேக்கேஜுக்கு 5 சதவீத ஜி.எஸ்.டி. 14,425. ஆக மொத்தம் 3,02,925.

மூன்று லட்சம் பட்ஜெட்டைச் சற்றே தாண்டுகிறது, சொல்லிவைத்த பத்தாயிரத்துக்குள் அடங்கிவிடுகிறது. சரி, இன்னொருவர் இதே பயணத்தை 2,40,000-க்குச் சொல்கிறார் என்று வையுங்கள். விமானக் கட்டணத்தில் அவரால் பெரிதாகக் குறைக்க முடியாது, அது எல்லாருக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். அறுபதாயிரத்தை அறை, வண்டி, சாப்பாடு, வரி இவற்றில்தான் குறைத்திருக்க வேண்டும். "ஜி.எஸ்.டி. தனி", "மதிய உணவு கிடையாது", "மூன்று அறை" இவற்றில் ஏதாவது எங்கேயோ ஒரு மூலையில் எழுதியிருக்கும். தேடுங்கள்.

"சீனியர் சிட்டிசன் இருக்கிறார்கள்" என்று ஒரு வரி எழுதினால் ஏஜென்ட் புரிந்துகொள்ள மாட்டாரா?

மாட்டார். எழுபத்தெட்டு வயதில் திருவண்ணாமலை கிரிவலம் சுற்றுகிறவர்களும் இருக்கிறார்கள், அறுபத்திரண்டில் நாலு படி ஏற முடியாதவர்களும் இருக்கிறார்கள். வயதை வைத்து எங்களால் எதையும் ஏற்பாடு செய்ய முடியாது. எவ்வளவு தூரம் நடப்பார், எத்தனை படி ஏறுவார், தரையில் உட்கார்ந்து எழுந்திருப்பாரா, எத்தனை மணி நேரத்துக்கு ஒருமுறை கழிப்பறை வேண்டும் – இந்த நான்கும் தெரிந்தால் பயணத்தையே வேறு மாதிரி அமைப்போம்.

விமானத்திலிருந்தே தொடங்குகிறேன். "வீல்சேர் போட்டாச்சு" என்று ஏஜென்ட் சொன்னால் எந்த வகை என்று கேளுங்கள். டிக்கெட்டில் மூன்று குறியீடு உண்டு. `WCHR` என்றால் படி ஏறுவார், தூரம் நடக்க முடியாது. `WCHS` என்றால் படியும் ஏற முடியாது. `WCHC` என்றால் விமானத்துக்குள் இருக்கை வரைக்கும் தூக்கிச் செல்ல வேண்டும். பத்துப் படிக்கு மேல் ஏற முடியாத அப்பாவுக்கு `WCHR` போட்டுவிட்டால், பஸ்ஸில் கொண்டுபோய் விமானத்தின் ஏணி முன்னால் இறக்கிவிடுவார்கள். அங்கே நின்றுகொண்டு தகராறு செய்ய முடியாது. அவருக்கு `WCHS` தான் சரி. இதற்குக் கட்டணம் கிடையாது. பயணத்துக்கு 48 மணி நேரம் முன்பாகச் சொல்ல வேண்டும். டிக்கெட் கைக்கு வந்ததும் அந்தக் குறியீடு அதில் இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள்.

வண்டியில் கவனிக்க வேண்டியது முதல் படியின் உயரம். டெம்போ டிராவலரின் படி, முட்டி மடங்காதவருக்கு மிக உயரம். ஒரு சின்ன மர ஸ்டூல் வண்டியில் இருக்க வேண்டும் என்று கொட்டேஷனிலேயே எழுதச் சொல்லுங்கள். இல்லையென்றால் பெரியவர்கள் நால்வருக்கு ஓர் இன்னோவா, மற்றவர்களுக்கு இன்னொரு வண்டி என்று மாற்று விலை கேட்கலாம். செலவு கூடும், ஆனால் பெரியவர்கள் களைத்தால் அவர்களை மட்டும் அறைக்கு அனுப்பிவைக்கும் வசதி கிடைக்கும். எனக்குப் பிடித்த ஏற்பாடு இதுதான்.

இன்சுலின் போடுபவருக்கு அறையில் சின்ன ஃப்ரிட்ஜ் வேண்டும். மேற்கத்தியக் கழிப்பறை என்று மட்டும் எழுதாமல், குளியலறைத் தரை வழுக்காததா, வாசலில் உயரத் தடுப்பு இருக்கிறதா என்றும் கேளுங்கள். குளிக்க ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் கேட்டால் ஹோட்டலில் தந்துவிடுவார்கள், முன்கூட்டிச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

கங்கைக் கரையிலேயே அறை கேட்கலாமா? அப்பா ஜன்னலிலிருந்தே கங்கையைப் பார்க்க வேண்டும் என்கிறார்.

அந்த ஆசை எனக்கு நன்றாகவே புரிகிறது. ஆனால் கரையோர ஹோட்டல்களில் பெரும்பாலானவை சந்துக்குள் இருக்கின்றன. கோதௌலியா சந்திப்புக்குப் பக்கத்திலேயே வண்டியை நிறுத்திவிடுவார்கள். அங்கிருந்து இ-ரிக்‌ஷா கொஞ்ச தூரம், அப்புறம் மாடும் பைக்கும் இடித்துக்கொண்டு போகும் சந்தில் நடை. ஒரு நாளைக்கு இரண்டு முறை இதைச் செய்ய 200 மீட்டர் நடப்பவரால் ஆகாது. கன்டோன்மென்ட் பக்கத்து ஹோட்டல்களுக்கு வாசல் வரை வண்டி வரும், லிஃப்ட் இருக்கும், ஆனால் கங்கை நாலைந்து கிலோமீட்டர் தள்ளி.

ஐந்து இரவும் ஒரே இடத்தில் வேண்டாம் என்றால், அஸி காட் படித்துறைப் பக்கம் வண்டி நெருங்கக்கூடிய ஹோட்டல் ஏதாவது கிடைக்குமா என்று கேட்டுப் பாருங்கள். அனுமான் காட், கேதார் காட் பகுதிகளில் தமிழ் பேசுகிறவர்கள் அதிகம், நம் சாப்பாடு கிடைக்கும், சத்திரங்களும் உண்டு. அங்கே தங்குவதாக இருந்தால் எத்தனையாவது மாடி, லிஃப்ட் உண்டா என்று கேட்காமல் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

லிஃப்ட் விஷயத்தில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. "லிஃப்ட் உண்டு" என்று எழுதியிருப்பார்கள். தெருவிலிருந்து வரவேற்பறைக்கு எட்டுப் படி, அதன் பிறகுதான் லிஃப்ட்டே தொடங்கும். அதனால் ஹோட்டல் வாசலைத் தெருவிலிருந்து எடுத்த ஒரு படம் அனுப்பச் சொல்லுங்கள். அறையின் படத்தைவிட அந்தப் படம்தான் உங்களுக்கு முக்கியம்.

ஆரத்தி பார்ப்பதற்கும் இதே கவனம் வேண்டும். தசாஸ்வமேத காட் படித்துறையில் இறங்கும் படிகளும் கூட்டமும் பெரியவர்களுக்குக் கஷ்டம். நமோ காட் படித்துறையில் சாய்தளம் இருக்கிறது, வண்டியும் அருகில் போகும். அங்கே படகு ஏறி, ஆற்றிலிருந்தபடியே ஆரத்தி பார்த்துவிட்டு அங்கேயே திரும்பலாம். "தனிப் படகு, நமோ காட்டில் ஏறி இறங்குதல்" என்று கொட்டேஷனில் குறிப்பிடச் சொல்லுங்கள். விஸ்வநாதர் கோயிலில் கட்டண தரிசன முறை உண்டு, சக்கர நாற்காலியும் கிடைக்கும். அதை யார் முன்பதிவு செய்வது, கட்டணம் யாருடையது என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

அவ்வளவு தூரம் போகிறோம், அயோத்தியையும் சேர்த்துவிடலாமா?

ஆறு நாளில் வேண்டாம். காசியிலிருந்து பிரயாகை 125 கிலோமீட்டர் அளவில், மூன்று மணி நேரம். காலையில் போய் மாலையில் வந்துவிடலாம். கயா ஏறக்குறைய 250 கிலோமீட்டர். பெரியவர்களை வைத்துக்கொண்டு நிறுத்தி நிறுத்திப் போனால் ஆறு மணி நேரம் ஆகும். அயோத்தி இன்னொரு திசையில் 200 கிலோமீட்டருக்கு மேல். அங்கே நடையும் அதிகம், அனுமன் கோட்டைக்கு மட்டும் 76 படி ஏற வேண்டும்.

"கயா ஒரே நாளில் போய்வரலாம்" என்று எழுதிய கொட்டேஷனை நான் பார்த்த மாத்திரத்தில் தள்ளிவைப்பேன். விடிகாலை நான்குக்குக் கிளம்பி இரவு பதினொன்றுக்குத் திரும்புவது என்பதுதான் அதற்குப் பொருள், நடுவில் பிண்டமும் போட வேண்டும். கயாவிலோ புத்தகயாவிலோ ஓர் இரவு தங்கும்படி கேளுங்கள். முதல் நாள் காசி, இரண்டாம் நாள் காசியிலேயே ஓய்வாக, மூன்றாம் நாள் பிரயாகை போய்வருதல், நான்காம் நாள் கயாவுக்குப் பயணம், ஐந்தாம் நாள் காலை பிண்டம் முடித்து மதியத்துக்கு மேல் காசி, ஆறாம் நாள் விமானம். கடைசி நாள் விமானம் மதியத்துக்கு மேல் இருக்கட்டும், ஐந்தாம் நாள் களைப்பு அவ்வளவு சீக்கிரம் போகாது.

கயாவுக்கு ரயிலும் உண்டு, முகல்சராய் என்று நாம் சொல்லிப் பழகிய தீனதயாள் உபாத்யாயா சந்திப்பிலிருந்து மூன்று மணி நேரம் போல. பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடைமேடை மாற வேண்டியிருக்கும் என்பதால் கைத்தடிக்காரருக்கு நான் வண்டியையே சொல்வேன். கயா பீகாரில் இருப்பதால் எல்லை வரி வண்டி வாடகையில் அடங்குமா என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

பிண்டம், சங்கல்பம் எல்லாம் பேக்கேஜில் வருமா?

பெரும்பாலும் வராது. வாத்தியாரை ஏற்பாடு செய்து தருவார்கள், தட்சிணை தனி. தமிழ் தெரிந்த வாத்தியார் வேண்டுமா, எந்தெந்த கர்மா, அவற்றை எந்த வரிசையில் செய்வது உங்கள் வழக்கம் என்பதை முதலிலேயே சொல்ல வேண்டும். பயணத்தின் வரிசையே அதனால் மாறக்கூடும். பிரயாகையை முதலில் முடித்துவிட்டுத்தான் காசிக்கு வர வேண்டும் என்று உங்கள் வீட்டு வழக்கம் இருந்தால் மேலே சொன்ன திட்டம் செல்லாது.

கயாவில் பல்குனி நதிக்கரை, விஷ்ணுபாதம், அட்சயவடம் என மூன்று இடத்தில் பிண்டம் போடுவார்கள், அரை நாள் பிடிக்கும். காசியில் படகில் ஐந்து கட்டங்களுக்குப் போய்ச் செய்யும் பஞ்ச தீர்த்த சிராத்தம் உண்டு. அதற்குப் பல மணி நேரம் படகிலேயே உட்கார்ந்திருக்க வேண்டும். தரையில் உட்கார முடியாத அப்பாதான் கர்த்தா என்றால், நாற்காலியில் உட்கார்ந்து செய்ய வாத்தியார் ஒத்துக்கொள்வாரா என்று ஏஜென்ட் மூலம் முன்பே கேட்டு வாங்குங்கள். அம்மாவுக்குச் சர்க்கரை இறங்காமல் நடுவில் சாப்பிட என்ன வழி என்பதையும் அன்றைய நேரக்கணக்கில் சேர்க்கச் சொல்லுங்கள்.

ரயிலில் போனால் செலவு பாதியாகுமே?

குறையும். சென்னையிலிருந்து காசிக்கு ஒன்றரை நாளுக்கு மேல் ஆகும், தெற்கேயிருந்து நேரே போகும் ராமேஸ்வரம்–பனாரஸ் வாராந்திர ரயிலில் குறைந்தது இரண்டு இரவு கழியும். பெரியவர்களால் முடியும் என்றால் போகலாம். முதியோர் கட்டணச் சலுகை 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டது, அதை வைத்து யாராவது விலை சொன்னால் நம்பாதீர்கள்.

கீழ்ப் படுக்கைதான் முக்கியம். 60 வயதான ஆண்களுக்கும் 45 வயதான பெண்களுக்கும் கீழ்ப் படுக்கை ஒதுக்கீடு உண்டு, ஆனால் ஒரு டிக்கெட்டில் ஒருவரோ இருவரோ மட்டும் இருந்தால்தான். ஒன்பது பேரையும் ஒரே மூச்சில் ஆறும் மூன்றுமாகப் போட்டால் அது கிடைக்காது. அப்பா, அம்மாவுக்கு ஒரு டிக்கெட், பெரியப்பா, பெரியம்மாவுக்கு ஒரு டிக்கெட் என்று தனித்தனியே எடுக்கச் சொல்லுங்கள். முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது. அந்த நாள் காலையிலேயே எடுத்துவிடுவார் என்ற உறுதி வேண்டும்.

கொட்டேஷன் வந்துவிட்டது. எதை முதலில் பார்ப்பது?

கடைசிப் பக்கத்தை. "அடங்காதவை" என்ற பட்டியல் அங்கேதான் இருக்கும். நுழைவுக் கட்டணம், படகு, இ-ரிக்‌ஷா, பார்க்கிங், ஜி.எஸ்.டி., விமானத்தில் இருக்கைத் தேர்வு, பெட்டி எடை – இவற்றில் எத்தனை அங்கே கிடக்கின்றன என்று பாருங்கள்.

பிறகு ஹோட்டல் பெயர். பெயர் போட்டு, பக்கத்தில் "அல்லது அதற்கு இணையானது" என்று எழுதுவது வழக்கம், அதைத் தவறு என்று சொல்ல மாட்டேன். "இணையானது என்றால் லிஃப்ட், வாசல் வரை வண்டி, மேற்கத்தியக் கழிப்பறை இருக்க வேண்டும், மாற்றினால் முன்கூட்டிச் சொல்ல வேண்டும்" என்று பதில் எழுதி ஒப்புதல் வாங்கிக்கொள்ளுங்கள். சாப்பாட்டுக்கு `CP` என்றிருந்தால் காலை டிபன் மட்டும், `MAP` என்றால் டிபனும் இன்னொரு வேளையும், `AP` என்றால் மூன்று வேளையும்.

விமானக் கட்டணம் டிக்கெட் எடுக்கும் நேரத்து விலை என்றுதான் எல்லாரும் எழுதுவோம், அதை மாற்ற முடியாது. மற்ற விலைகள் எந்தத் தேதி வரை செல்லும் என்று கேளுங்கள்.

கிளம்பும் நேரத்தில் பெரியவர் ஒருவருக்கு உடம்பு முடியாமல் போனால் பணம் திரும்புமா?

அதை ஒரே தொகையாகச் சொல்ல முடியாது. விமானம், ஹோட்டல், வண்டி மூன்றுக்கும் விதி வேறு. மலிவான விமான டிக்கெட்டில் ரத்துக் கட்டணம் போகத் திரும்பி வருவது சொற்பமே. ஹோட்டலில் இத்தனை நாளுக்கு முன் சொன்னால் முழுத் தொகை என்று இருக்கும். வண்டி ஒருவர் குறைந்தாலும் அதே வாடகைதான், மீதி எட்டுப் பேர் அதைப் பகிர வேண்டும். ஆகவே "ஒருவர் மட்டும் நின்றுவிட்டால் எவ்வளவு திரும்பும், ஒருவரோடு துணைக்கு இன்னொருவரும் நின்றால் எவ்வளவு, மொத்தப் பயணமும் தள்ளிப்போனால் எவ்வளவு" என்று மூன்றாகப் பிரித்துக் கேளுங்கள். எங்கள் அனுபவத்தில் அதிகம் நடப்பது இரண்டாவதுதான், ஆனால் அதை யாரும் கேட்பதில்லை.

முன்பணத்தை விமான டிக்கெட்டுக்கு வேண்டிய அளவும் அறைகளைப் பிடிக்க வேண்டிய அளவும் மட்டும் கொடுங்கள். மீதியை டிக்கெட்டும் ஹோட்டல் உறுதிச் சீட்டும் உங்கள் கைக்கு வந்த பிறகு கொடுக்கலாம். உறுதிச் சீட்டில் இருக்கும் எண்ணை வைத்து ஹோட்டலுக்கு நீங்களே ஒரு போன் போட்டு, உங்கள் பெயரில் நான்கு அறை இருக்கிறதா, அதில் ஒன்று லிஃப்ட்டுக்குப் பக்கத்தில்தானா என்று கேட்டுவிடுங்கள். தொழில் ஒழுங்காகச் செய்கிற எந்த ஏஜென்டும் அதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார்.